‘மை ஃபிரெண்ட் ஹீ இஸ் கமிங்’: ஒரே ஆளை ஏன் இரண்டு முறை சொல்கிறோம்?

எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: “எத்தனை முறை திருத்தினாலும் பிள்ளைகள் ‘மை ஃபிரெண்ட் ஹீ இஸ் கமிங்’ என்றே எழுதுகிறார்கள். தமிழில் யோசித்து எழுதுவதால்தானே?”

பாதிதான் சரி. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் பேச்சில் இப்படிச் சொல்வதுண்டு. 1611-இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளின் 100-ஆம் சங்கீதத்திலேயே ‘த லார்ட் ஹீ இஸ் காட்’ என்று இருக்கிறது. பேச்சுப் பிரெஞ்சில் இது அன்றாட நடை. அமெரிக்க மொழியியலாளர் ஜான் ராஸ் 1967-இல் எழுதிய ஆய்வேட்டில் இந்த அமைப்புக்கு ஒரு பெயரே கொடுத்தார். தமிழில் அதை ‘இடப்பெயர்ச்சி’ எனலாம்: பெயர் வாக்கியத்துக்கு வெளியே இடப்பக்கம் நகர்ந்துவிடுகிறது, காலியான இடத்தில் ஒரு பிரதிப்பெயர் உட்காருகிறது.

ஏன் நகர்த்த வேண்டும்? பேசும்போது ஒரே மூச்சில் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது: யாரைப் பற்றிப் பேச்சு என்று காட்டுவது, பிறகு அவரைப் பற்றி ஏதாவது சொல்வது. கேட்பவர் நினைப்பில் இல்லாத ஒருவரை முதலில் அழைத்து வருகிறோம். நாமே தமிழில், “நம்ம செந்தில் இருக்கானே, அவன் நாளைக்கு வர்றான்” என்கிறோமே, அதே வேலைதான். நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுவதைக் கவனியுங்கள். எழுத்தில் அந்த இடைவெளியும் குரலின் ஏற்ற இறக்கமும் காணாமல் போய், ‘ஹீ’ மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். இப்படி இரண்டு முறை சொல்வது ஒரு சமூகத்தில் பழகிப்போனால் என்ன ஆகும்? இடைவெளி சுருங்கும். பிரதிப்பெயர் அழுத்தம் இழந்து, தேய்ந்து, வினையோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் அது பிரதிப்பெயராகவே இருக்காது, வினையின் உறுப்பாகிவிடும். பல மொழிகளில் திணை, பால், எண், இடம் காட்டும் ஒட்டுகள் இப்படித்தான் பிறந்தன என்று மொழியியலாளர் டால்மி கிவோன் 1976-இல் வாதிட்டார்.

பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியில் இதைப் பார்க்கலாம். ‘ஆள் வருகிறான்’ என்பதற்கு அங்கே ‘மன் இ கம்’ என்பார்கள். அந்த ‘இ’ ஆங்கில ‘ஹீ’ தேய்ந்து வந்தது. உள்ளூர் மொழிகளின் வழக்கமும் அதற்குத் துணை நின்றது. பெண் வந்தாலும் ‘மெரி இ கம்’தான். ‘அவன்’ என்ற பொருள் போய்விட்டது, வினையின் அடையாளம் மட்டும் மிச்சம்.

தமிழும் இந்த வழியில் வந்ததுதான். ‘வருகிறான்’ என்பதைப் பகுபதமாகப் பிரித்தால் விகுதி ‘ஆன்’. அவன்–ஆன், அவள்–ஆள், நீர்–ஈர் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திராவிட வினை விகுதிகள் பிரதிப்பெயர்களின் துண்டுகளே என்று கால்டுவெல் 1856-லேயே எழுதிவிட்டார். ஆக, ‘நண்பன் வருகிறான்’ என்னும்போது நாமும் ஆளை இரண்டு முறைதான் சொல்கிறோம். ஆங்கில வினையில் ‘ஆன்’ இல்லாததால் பிள்ளை அந்தக் குறையை ‘ஹீ’ போட்டு நிரப்புகிறது என்பது என் ஊகம். இதைச் சோதிக்க நம் வகுப்பறைப் பேச்சைப் பெரிய அளவில் பதிவுசெய்ய வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அதுவரை இதை மந்தபுத்தியின் அடையாளமாக நினைப்பதையாவது நிறுத்தலாம்.

சரி, எழுத்தில் எப்படித் திருத்துவது? ‘மை அங்கிள் ஹூ வொர்க்ஸ் இன் துபாய் ஹீ இஸ் கமிங் டுமாரோ’ என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. முதன்மை வினை ‘இஸ் கமிங்’. வருவது யார்? ‘மை அங்கிள்’ முதல் ‘துபாய்’ வரை மொத்தமும்தான் விடை. அந்த மொத்தத்தையும் எடுத்துவிட்டு ‘ஹீ’ மட்டும் வைத்தால் வாக்கியம் நிற்கிறது. எனில் இரண்டில் ஒன்று போதும், ‘ஹீ’யை அடித்துவிடலாம். நீண்ட வாக்கியத்தில் எழுவாய் மறந்துபோவதால்தான் பல நேரம் ‘ஹீ’ நுழைகிறது. அப்படியானால் வாக்கியத்தை உடைப்பதே மேல்: ‘மை அங்கிள் வொர்க்ஸ் இன் துபாய். ஹீ இஸ் கமிங் டுமாரோ.’ இப்போது ‘ஹீ’க்கு நியாயமான வேலை கிடைத்துவிட்டது.

ஆனால் பெயரை அடுத்து ‘ஹீ’ வந்தாலே அடித்துவிடக் கூடாது. ‘த மேன் ஹீ மெட் எஸ்டர்டே இஸ் கமிங்’ சரியான வாக்கியம். இதில் வினை இரண்டு: ‘மெட்’, ‘இஸ் கமிங்’. சந்தித்தவன் ஒருவன், வருகிறவன் வேறொருவன். ‘ஹீ’யை எடுத்தால் ‘மெட்’ அநாதையாகிவிடும். அதனால் சிவப்புப் பேனாவை எடுக்குமுன் வினைகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் அதன் எழுவாயைக் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். எந்த வினையோடும் சேராமல் மிஞ்சுவது எதுவோ, அதுதான் பிழை.