அப்பா பெயரில் இருக்கும் வீடு: இழப்பீடு யாருக்குச் சேரும்?

வீட்டுக்கு பிரீமியம் கட்டியவருக்கே இழப்பீடு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீடு சேதமடைந்தால் பண இழப்பு யாருக்கு ஏற்படுமோ, அவருக்குத்தான் அந்த வீட்டில் 'காப்பீட்டு நலன்' உண்டு. பக்கத்து வீடு எரிந்தால் உங்களுக்கு வருத்தம் வரலாம், நஷ்டம் வராது. அதனால் அதன்மேல் நீங்கள் பாலிசி எடுக்க முடியாது. எடுத்தால் அது பந்தயமாகிவிடும், பந்தய ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. வீட்டுக் காப்பீட்டில் இந்த நலன் சேதம் நடந்த நாளில் இருக்க வேண்டும். பாலிசி எடுத்தபோது இருந்தது என்பது மட்டும் போதாது.

2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசியை வழங்குகின்றன. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவை இதில் அடங்கும். காப்பீட்டுத் தொகை என்பது கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. மனையின் விலை அதில் சேராது.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். இந்துக் குடும்பம். தந்தை தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. பாலிசியும் அவர் பெயரில். உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். பாலிசிக் காலம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இந்த ஐந்து மாதத்துக்குக் கவலை இல்லை. பாலிசிதாரர் இறந்தால், மீதிக் காலத்துக்கு அவருடைய சட்டப்படியான வாரிசுகளின் நன்மைக்காகக் காப்பு தொடரும் என்று பாலிசியிலேயே இருக்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மூத்த மகன் பழைய பாலிசி எண்ணைக் கொடுத்து, தந்தை பெயரிலேயே ஆன்லைனில் புதுப்பித்துவிடுகிறார். பணம் எடுக்கப்படுகிறது, ரசீது வருகிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் புதுப்பித்தல் என்பது புதிய ஒப்பந்தம். இறந்தவரோடு ஒப்பந்தம் செய்ய முடியாது. வெள்ளம் வந்த பிறகு இறப்புச் சான்றிதழின் தேதியைப் பார்க்கும் நிறுவனம் கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகிவிடும். பிரீமியம் வாங்கும்போது காட்டாத கவனத்தை இழப்பீடு தரும்போது காட்டுவார்கள்; அதை எதிர்பார்த்தே நடந்துகொள்ள வேண்டும்.

சரி, மூத்த மகன் தன் பெயரில் மட்டும் பாலிசி எடுத்தால்? இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். இந்தக் குடும்பத்தில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், பாட்டி என ஐந்து பேர்; ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பாட்டியைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். வெள்ளத்தால் கட்டடத்துக்கு 3 லட்சம் ரூபாய் சேதம் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவரின் சொந்த நலன் 60,000 ரூபாய்க்குத்தான். முழு வீட்டையும் எல்லாப் பங்குதாரர்களுக்காகவும் காப்பீடு செய்ததாக பாலிசியிலோ முன்மொழிவுப் படிவத்திலோ இல்லையென்றால், நிறுவனம் அவர் பங்கோடு நிறுத்திக்கொள்ள இடமுண்டு. அவர் வீட்டில் குடியிருப்பதோ வீட்டு வரி கட்டுவதோ மற்றவர்களின் பங்கை அவருடையதாக்காது. அவர் சொந்தப் பணத்தில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியும் கட்டிலும் வேறு கணக்கு. அவற்றுக்கு அவர் முழுமையாகக் கோரலாம்.

இதற்கு வழி எளிது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் உள்ள ஐவர் பெயரையும் பாலிசிதாரர்களாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பட்டா மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தந்தை இறந்த அன்றே வாரிசுகளுக்கு உரிமை வந்துவிடுகிறது. இழப்பீடு கோரும்போது ஒருவர் முன்னின்று நடத்தலாம், மற்றவர்கள் ஒப்புதல் கடிதம் தந்தால் வேலை விரைவாக முடியும்.

மகள் 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று வாயால் சொல்லியிருந்தால் கணக்கு மாறாது. விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யும்வரை அவர் பங்குதாரர்தான். பதிவான பிறகு அவருக்கு அந்த வீட்டில் காப்பீட்டு நலன் இல்லை. பாலிசியில் அவர் பெயர் இருந்தாலும் அடுத்து வரும் சேதத்துக்கு அவர் கோர முடியாது. பாகப்பிரிவினையில் வீடு ஒருவருக்கே போனாலும் இதே நிலைதான். ஆகவே பத்திரம் பதிவான உடனே நகலோடு நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பெயரைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

தந்தை உயிரோடு இருக்கும்போது, அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டின்மேல் மகன் தன் பெயரில் கட்டடக் காப்பீடு எடுப்பதும் பயன் தராது. பின்னால் வந்து சேரும் என்ற எதிர்பார்ப்பு உரிமை ஆகாது. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு இருப்பதால் அங்கே விதி வேறு.

வீட்டின்மேல் கடன் இருந்து பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்தால், நிலுவைத் தொகை அளவுக்கு வங்கிக்கே முதல் உரிமை, மீதம்தான் வாரிசுகளுக்கு.

காப்பீட்டு நலன் இல்லை என்று கோரிக்கை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்துமூலம் முறையிட வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை மனுவோடு இணைக்க வேண்டும்.