பங்கை இரவல் வாங்கி விற்க செபி விதி என்ன, எத்தனை பங்கு விற்கலாம்?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "சம்பா நெல் போட்ட பணம் 5 லட்சம் டிரேடிங் கணக்குல இருக்கு அண்ணே. இந்தப் பங்கு 800 ரூபாய்க்கு ஏறிக் கிடக்கு, கம்பெனி அதுல பாதிகூடப் பெறாது. ஷார்ட் போகலாமா?"

போகலாம். கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, விலை இறங்கியதும் வாங்கித் திருப்புவதுதான் ஷார்ட். சில்லறை முதலீட்டாளரும் அப்படி விற்க, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அனுமதிக்கிறது. ஆனால் விற்ற பங்கை செட்டில்மென்ட் அன்று, அதாவது கணக்குத் தீர்க்கும் நாளில், கொடுத்தே ஆக வேண்டும். காலையில் விற்று மாலைக்குள் திரும்ப வாங்கிவிட்டால் கணக்கு தீர்ந்தது. பங்கு அப்பர் சர்க்யூட்டில், அதாவது அன்றைக்கு ஏற அனுமதித்த உச்ச விலையில், பூட்டிக்கொண்டால் வாங்க ஆள் இருந்தும் விற்க ஆள் இருக்காது. டெலிவரி தவறி, நமக்காகச் சந்தையே பங்கை வாங்கும் ஏலத்துக்குப் போகும், அங்கே விலை நம் கையில் இல்லை.

நாள் கணக்கில் வைத்திருக்க வேண்டுமானால் பங்கைக் கடன் வாங்க வேண்டும். அதற்கென 2008 ஏப்ரலில் வந்ததுதான் எஸ்.எல்.பி. எனும் பங்குக் கடன் முறை. பங்குக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, மார்ஜின் எனும் பிணைத்தொகையும் வைக்க வேண்டும். தவணை அதிகபட்சம் 12 மாதம். இடையில் டிவிடெண்ட் வந்தால் அதையும் கடன் கொடுத்தவருக்கு நாம்தான் தர வேண்டும்.

இதற்கு உச்சவரம்பும் உண்டு. செபி வகுத்தபடி, ஒரு நிறுவனத்தின் ஃப்ரீ ஃப்ளோட், அதாவது புரொமோட்டர் கையில் இல்லாமல் சந்தையில் புழங்கும் பங்குகளில் 10% வரைதான் மொத்தச் சந்தையும் கடன் வாங்கலாம். தனிநபருக்கு அதில் 1%. ஃப்ரீ ஃப்ளோட் 10 கோடி பங்கு என்றால் சந்தைக்கு 1 கோடி, ஒருவருக்கு 1 லட்சம். தம்பி போன்றவர் இந்த வரம்பை எட்டப்போவதில்லை. அவரைக் கட்டுப்படுத்துவது கடன் கொடுக்க ஆள் இல்லாததுதான். தவணை முடியும்போது புதுப்பிக்கப் பங்கு கிடைக்காவிட்டால், என்ன விலையானாலும் வாங்கித் திருப்பியாக வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் அப்படி ஓடுவதுதான் ஸ்க்வீஸ்.

2008 அக்டோபரில் ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் பங்கில் இதுதான் நடந்தது. பங்கு, பங்கு விலையோடு கட்டிய ஒப்பந்தமான ஆப்ஷன் இரண்டும் சேர்த்து 74 சதவீதத்துக்கு மேல் தன் பிடியில் இருப்பதாக போர்ஷே அறிவித்தது. கீழ் சாக்சனி மாநில அரசிடமும் சுமார் 20% இருந்ததால், சந்தையில் வாங்கக் கிடைத்தது சொற்பம். இரண்டே வர்த்தக நாளில் விலை 1,000 யூரோவைத் தாண்டியது. விலை மிகை என்று கணித்தவர்கள் பின்னாளில் சரியாகத்தான் இருந்தார்கள். அதற்குள் பலரின் கணக்கு காலி.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "ஒரே இரவில் விலை இரட்டித்தால் எவ்வளவு தாங்குவேன்?" என்பதுதான். 5 லட்சத்தில் 5%, அதாவது 25,000 ரூபாய் என்று வைப்போம். 800 ரூபாய் பங்கு இரட்டித்தால் ஒவ்வொன்றுக்கும் 800 நஷ்டம். 25,000-ஐ 800-ஆல் வகுத்தால் 31 பங்கு. அவ்வளவுதான் விற்க வேண்டும். தம்பி நினைத்ததோ 500. அது இரட்டித்தால் நஷ்டம் 4 லட்சம். 1 லட்சம் மிச்சமுள்ள கணக்கில் 8 லட்ச ரூபாய்ப் பங்கைத் திருப்பும் பொறுப்பு நிற்கும்.

குறித்த விலை வந்ததும் தானே வாங்கிவிடும் ஸ்டாப்லாஸ் போட்டிருக்கிறேனே என்று எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். மறுநாள் விலை 800-லிருந்து தாவி 1,100-ல் திறந்தால், 850-ல் போட்ட ஸ்டாப்லாஸும் 1,100 பக்கம்தான் நிறைவேறும். இன்னொன்று: நஷ்டத்தில் இருக்கும் ஷார்ட் தானாகவே பெரிதாகும். 31 பங்கு தொடக்கத்தில் கணக்கில் சுமார் 5%. விலை இரட்டித்த பின் அதுவே 10 சதவீதத்துக்கு மேல். அந்த நேரத்தில் மேலும் விற்றுச் சராசரி போடாமல், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.