72.09 ஏன் 69.72 ஆனது: தேர்தல் காணொளிக்குத் தலைப்பு வைக்கும் கணக்கு

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளிலும் வாக்குப்பதிவு நடந்தது. இரவு ஏழு மணி நிலவரமாக 72.09 சதவீதம் என்று அறிவித்தார்கள். விடிவதற்குள் அது 69.46 ஆகிவிட்டது. கடைசியில் 69.72 என்று நின்றது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. இரவில் சொன்னது வாக்குச்சாவடிகளிலிருந்து செயலி வழியே வந்த தகவலை வைத்துப் போட்ட மதிப்பீடு. எல்லாச் சாவடிகளும் அப்போது தகவல் அனுப்பியிருக்கவில்லை. முறையான கணக்கு படிவம் 17சி-யில் இருக்கிறது. சாவடியில் பதிவான வாக்குகளை அதில் எழுதி, முகவர்களுக்கும் நகல் தருகிறார்கள்.

இதை விளக்கி நீங்கள் ஒரு காணொளி எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைப்பு: "இன்று 3% வாக்குகள் மாயம்!" காணொளிக்குள் எவ்வளவு பொறுமையாக விளக்கினாலும் பயனில்லை, தேடலிலும் வாட்ஸ்அப் முன்னோட்டத்திலும் தலைப்புதானே தெரிகிறது? அதில் தவறுகள் மூன்று. வித்தியாசம் 3 சதவீதமன்று, 2.37 சதவீதப் புள்ளி. "இன்று" என்ற சொல் மறுநாளே பொய்யாகிவிடும். "மாயம்" என்பதோ யாரோ வாக்கை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லாமல் சொல்கிறது. குறைந்தது மதிப்பீடு, வாக்குகள் அல்ல.

நான் வைக்கும் தலைப்பு இது: "தமிழ்நாடு வாக்குப்பதிவு 2024: 72.09% ஏன் 69.72% ஆனது?" யூடியூப் தலைப்புக்கு 100 குறிகள்தான் இடம். "தமிழ்நாடு" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது, ஏனென்றால் துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஆகவே எண்ணையும் ஆண்டையும் முன்பாதியிலேயே வைத்துவிடுவது நல்லது.

விவரக்குறிப்பின் முதல் வரியில் ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் நேரம் வேண்டும்: "72.09%: ஏப்ரல் 19 இரவு 7 மணி மதிப்பீடு. 69.72%: இறுதிக் கணக்கு." பிறகு ஏதாவது மாறினால் பழைய வரியை ஓசைப்படாமல் அழிக்காதீர்கள், "திருத்தம்" என்று தேதியிட்டுக் கீழே சேருங்கள்.

"அதிகாரிகள் ஏமாற்றினார்களா?" என்று கேள்விக்குறி போட்டுத் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அவதூறு பற்றிய இந்தியச் சட்டம் (அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் 499, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356) "இதுவா அதுவா" என்று மாற்றி மாற்றிச் சொல்வதும், கிண்டலாகச் சொல்வதும் அவதூறாகலாம் என்றே விளக்கம் தருகிறது. ஒரு கட்சி புகார் சொல்லியிருந்தால் "இன்ன கட்சி, இன்ன தேதியில், இன்ன புகார்; ஆணையத்தின் பதில் இது" என்று எழுதுங்கள். அப்போது சொல்லுக்குச் சொந்தக்காரர் யார் என்பது தெரியும்.

குறிச்சொற்களில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். பார்வையாளர் கண்ணில் படாது என்று எண்ணி ஓர் அதிகாரியின் பெயரை அடுத்து "மோசடி" என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் அந்தச் சொற்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படியெடுக்கும்படி.