ஒரே எழுத்து, இரண்டு ஒலி: பிடிப்பது எப்படி?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஆங்கிலத்தில் ஈயத்துக்கும் 'வழிநடத்து' என்பதற்கும் ஒரே ஸ்பெல்லிங். ஆனால் ஒன்றை லெட் என்கிறார்கள், மற்றதை லீட் என்கிறார்கள். இப்படிப்பட்ட சொற்களை யாராவது உட்கார்ந்து யோசித்தா எடுத்தார்கள்? கணினியிடம் விட்டால் மொத்தத்தையும் பிடித்துவிடாதா?"

இவற்றுக்கு ஹெட்டரோநிம் என்று பெயர். கணினியிடம் விடலாம். ஆனால் அது வலையில் அள்ளிக்கொண்டு வருவதில் பெரும்பாலானவற்றைத் திரும்பக் கடலில் போட வேண்டியிருக்கும்.

முதலில் உச்சரிப்பு அகராதி ஒன்று வேண்டும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய அகராதி இலவசமாகக் கிடைக்கிறது. 1,30,000-க்கு மேற்பட்ட வரிகள் கொண்ட வெறும் எழுத்துக் கோப்பு அது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அதன் ஒலிகள். ஒரு சொல்லுக்கு இன்னொரு உச்சரிப்பும் இருந்தால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எண் போட்டு அடுத்த வரியில் தருவார்கள்.

```
LEAD  L EH1 D
LEAD(1)  L IY1 D
TOMATO  T AH0 M EY1 T OW2
TOMATO(1)  T AH0 M AA1 T OW2
```

அடைப்புக்குறி உள்ள வரிகளைத் தேடு என்றால் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கில் வந்து விழும். சிக்கல் மேலே இருக்கும் நான்கு வரிகளிலேயே தெரிகிறது. லெட்-லீட் நமக்கு வேண்டியது. டொமேட்டோ, டொமாட்டோ என்று எப்படிச் சொன்னாலும் அது தக்காளிதான். கோப்பில் இரண்டுக்கும் ஒரே அடையாளம். ஏனென்றால் அதில் ஒலி இருக்கிறது, பொருள் இல்லை.

உயிரொலிகளை ஒட்டி நிற்கும் எண்களைப் பாருங்கள். 1 என்றால் முக்கிய அழுத்தம், 2 என்றால் துணை அழுத்தம், 0 என்றால் அழுத்தம் இல்லை. 'பதிவு' என்ற பெயர்ச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் முதல் அசையை அழுத்துகிறார்கள் (ரெக்கார்ட்), 'பதிவு செய்' என்ற வினைக்கு இரண்டாம் அசையை அழுத்துகிறார்கள் (ரிக்கார்ட்). ஆகவே 1 இடம் மாறியிருக்கும் சொற்களை மட்டும் எடுப்போம் என்று தோன்றும். தக்காளி ஒழிந்தது, நல்லது. ஆனால் கூடவே லெட்-லீட்டும் போய்விடும், ஒரே அசையில் அழுத்தம் எங்கே இடம் மாறுவது? இன்னொரு பக்கம் 'முகவரி'க்கான அட்ரஸ் உள்ளே வந்துவிடும். அதை முன்னால் அழுத்துபவரும் உண்டு, பின்னால் அழுத்துபவரும் உண்டு, பொருள் மாறுவதில்லை.

சரி, பொருளை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். ஆங்கில விக்சனரி என்ற இணைய அகராதியில் ஒரு பக்கத்துக்குள்ளேயே சொற்பிறப்பு 1, சொற்பிறப்பு 2 என்று பிரித்து, தேவைப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் தனியாக உச்சரிப்பு போட்டிருப்பார்கள். பிறப்போ சொல்வகையோ வேறு, உச்சரிப்பும் வேறு என்று இருக்கும் பக்கங்களை மட்டும் எடுத்தால் பட்டியல் கைக்கு அடக்கமாகிவிடும். பள்ளிப் புத்தகத்தில் வரும் உதாரணங்கள் எல்லாம் இதில் கிடைத்துவிடும்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. பெரும்பாலான அகராதிகளில் தனிச்சொல்லாக இல்லாமல் ஒளிந்திருக்கும் ஹெட்டரோநிம்கள் உண்டு. வழக்கமான அகராதிகள் பெரும்பாலும் வேர்ச்சொல்லைத்தான் தலைப்பாக வைக்கும், விகுதி சேர்ந்த வடிவங்களை நம் ஊகத்துக்கு விட்டுவிடும். ஆகவே விகுதிகளை நாமே சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லா வேர்ச்சொற்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் ஸ்பெல்லிங்கையும் ஒரு விதியால் நீட்டுவோம். அதன் ஒலியைத் தனியாக இன்னொரு விதியால் நீட்டுவோம். இரண்டு விதிகளுக்கும் ஒன்றைப் பற்றி ஒன்றுக்குத் தெரியாது. கிடைத்த ஸ்பெல்லிங் ஏற்கெனவே வேறு ஒரு சொல்லாக இருந்து, ஒலி மட்டும் பொருந்தாவிட்டால் அங்கே ஒன்று மாட்டியது.

```
number           N AH1 M B ER0
numb + er        N AH1 M ER0
moped            M OW1 P EH2 D
mope + ed        M OW1 P T
```

முதல் ஜோடியில் ஒன்று நமக்குத் தெரிந்த நம்பர். மற்றது 'மரத்துப்போன' என்ற சொல்லின் ஒப்பீட்டு வடிவம், 'இன்னும் அதிகமாக மரத்துப்போன' என்று பொருள். அதை 'நம்மர்' என்று சொல்ல வேண்டும், நடுவில் இருக்கும் பி வாய்க்கு வராது.

ஒரே எழுத்து ஒரு இடத்தில் ஒலிக்கிறது, இன்னொரு இடத்தில் ஏன் ஒலிக்கவில்லை? இரண்டு பி-க்களும் வந்த வழி வேறு. எண்ணைக் குறிக்கும் சொல்லின் லத்தீன் மூலம் நுமெரஸ். அதில் பி-யே கிடையாது. பிரெஞ்சுக்கு வரும்போது நடு உயிர் தேய்ந்து ம்-மும் ர்-ரும் நேராக முட்டிக்கொண்டன. ம் சொல்லி முடித்த உதடு பிரிந்து ர்-க்குப் போகும் அந்தக் கணத்தில் தானாக ஒரு ப் வெடிக்கும். 'நம்ரு' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'நம்ப்ரு' என்று வந்து நிற்கும். மரத்துப்போவதைக் குறிக்கும் சொல்லோ 'எடுக்கப்பட்ட' என்ற பொருள் தந்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. உணர்ச்சி பறிபோன நிலை. அதிலும் பி கிடையாது. கடைசியில் ஊமை பி உள்ள மற்றச் சொற்களைப் பார்த்துப் பிற்காலத்தில் எழுதுபவர்கள் ஒட்டவைத்தார்கள். ஒரு பி வாயில் முளைத்தது, மற்றது பேனாவில்.

இரண்டாவது ஜோடி நம் ஊர்த் தெருக்களில் ஓடியதே, அந்த மொபெட். பக்கத்திலிருப்பது 'முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான்' என்பதற்கான இறந்தகாலம், 'மோப்ட்'.

இந்த வழியிலும் குப்பை சேரும். எந்தச் சொல்லோடும் எந்த விகுதியையும் ஒட்டலாம் என்று கணினியை அவிழ்த்துவிட்டால், யாருமே பேசாத வடிவங்களையும் செய்து கொடுக்கும். அவற்றை யாராவது உண்மையில் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஸ்பெல்லிங்கைத் தேடிப் பயனில்லை, எல்லாம் நம்பர்தான் வரும். அக்கம்பக்கத்தைத் தேட வேண்டும். முன்னால் 'விரல்' இருக்கிறதா, பின்னால் 'விட' என்ற பொருளுள்ள சொல் இருக்கிறதா? இப்படி அண்டைச் சொற்களை வைத்து உச்சரிப்பைத் தீர்மானிக்கும் முறையை 1990-களில் கணினி மொழியியல் ஆய்வாளர் டேவிட் யாரோவ்ஸ்கி நேர்த்தியாக்கினார். கிடைக்கும் தடயங்களையெல்லாம் கூட்டிப் பார்க்காமல், வலுவானதிலிருந்து வரிசைப்படுத்தி, முதலில் பொருந்தும் ஒன்றை மட்டும் நம்பினார். எழுத்தைப் படித்துக் காட்டும் இயந்திரங்களுக்கு இது தேவைப்பட்டது.

தமிழிலும் இதே தேவை உண்டு. 'பாவம் செய்தான்' என்பதில் பல்லில் வரும் ப, 'முகத்தில் பாவம் காட்டினாள்' என்பதில் பாபுவில் வரும் ப. நளபாகமும் முதல் பாகமும் அப்படித்தான். தேட ஒரு குறுக்குவழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் கடன்சொற்களின் வடமொழி மூலத்தை ரோமன் எழுத்தில் கொடுக்கிறது, அதுவும் இணையத்தில் இருக்கிறது. ஒரே தலைச்சொல் இரண்டு முறை வந்து, ஒன்றின் மூலம் p-யிலும் மற்றதன் மூலம் b அல்லது bh-யிலும் தொடங்கினால் பிடித்துவிடலாம். பள்ளி அளவு நிரலாக்கம் தெரிந்தவர் ஒரு வார இறுதியில் செய்துவிடக்கூடிய வேலை.

ஆனால் மூலம் இப்படி என்பதற்காக நாம் அப்படித்தான் சொல்கிறோம் என்று ஆகாது. 'புத்தி'யின் மூலம் b-யில் தொடங்குகிறது, இருந்தும் அதை இரண்டு விதமாகவும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஊர் ஊராகப் பேச்சைப் பதிவு செய்து கேட்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். தமிழ்தான் உலகின் முதல் மொழி என்று மேடை போட்டு நிரூபிக்கச் செலவாகும் தொகையில் ஒரு சிறு பங்கை இதற்குக் கொடுத்தால் போதும் என்பது என் கட்சி.