"ரெண்டு செகண்டு தானே மேடம்!"

போன வாரம் தாம்பரத்திலிருந்து மாதவரத்துக்கு பைபாஸ் வழியாக டாக்சியில் போய்க்கொண்டிருந்தேன். போரூர் நெருங்கும்போது வண்டிகள் ஊர ஆரம்பித்தன. கால் மணி நேரம் நகர்ந்து நகர்ந்து முன்னால் போனால், எங்கள் பக்கத்து ரோட்டில் ஒன்றுமே இல்லை. மீடியனுக்கு அந்தாண்டை, எதிர்ப்பக்கத்தில்தான், ஒரு காரும் டெம்போவும் மோதி நின்றிருந்தன. சுற்றிலும் கூட்டம். அந்த இடம் வந்ததும் எங்கள் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், கழுத்தை முழுசாகத் திருப்பி நிதானமாகப் பார்த்தார், அப்புறம்தான் வேகம் எடுத்தார்.

"என்னண்ணா, இவ்வளவு நேரம் ஜாமைத் திட்டிக்கிட்டே வந்தீங்க. இப்போ நீங்களே அதைப் பண்ணிட்டீங்களே?"

"ரெண்டு செகண்டு தானே மேடம் பார்த்தேன். அதுலயா ஜாம் ஆகிடும்?"

நான் போக்குவரத்துப் பொறியாளர். சாலையோரம் கேமரா வைத்து, பதிவான வீடியோவை ஓட்டிப் பார்த்து வண்டி எண்ணுவதுதான் என் பிழைப்பில் பாதி. (மீதிப் பாதி, எண்ணியதை யாரும் நம்பாமல் இருப்பது.) இந்த "ரெண்டு செகண்டு" பதிலைச் சொந்த அண்ணன் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது. இனிமேல் யாரிடமும் வாயால் விளக்குவதாக இல்லை. எழுதிவிடுகிறேன், சுட்டியை அனுப்பினால் போதும்.

ஒரு ஜங்ஷன் கணக்கெடுப்புக்காக ஜி.எஸ்.டி. சாலையில், பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில், ஒரு நடைமேம்பாலத்தில் கேமரா கட்டியிருந்தோம். மாலை 6.42க்கு, கிண்டி நோக்கிப் போகும் பக்கத்தில் ஒரு பைக்கும் காரும் மோதிக்கொண்டன. எங்கள் கேமரா எண்ணிக்கொண்டிருந்தது தாம்பரம் நோக்கிப் போகும் பக்கம். ஆபீஸ் விட்டு எல்லோரும் வீடு திரும்புகிற பக்கம். இடையில் கான்கிரீட் மீடியன். விபத்தால் இந்தப் பக்கத்துக்கு ஒரு தடையும் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டுகூடத் தெறிக்கவில்லை.

விபத்துக்கு முன்பு, பைக்குகளையும் சேர்த்து நிமிடத்துக்கு சுமார் 90 வண்டிகள் கடந்தன. அந்த நேரத்தில் சாலை முட்டித் ததும்பித்தான் ஓடும். இன்னும் ஐந்து வண்டிக்குத்தான் இடம் இருந்திருக்கும். விபத்து நடந்த சில நிமிடங்களிலேயே அந்த எண்ணிக்கை 62க்கு இறங்கிவிட்டது. வந்துகொண்டிருந்ததோ அதே 90. அப்படியானால் நிமிடத்துக்கு 28 வண்டி பின்னால் தேங்குகிறது. காரை ஓரம் தள்ளி, அடிபட்டவரை ஏற்றி அனுப்பி, கூட்டம் கலையும்போது மணி 7.06. இருபத்து நான்கு நிமிடம். 28 பெருக்கல் 24, 672 வண்டிகள். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம்.

இத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. 7.06க்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை, சாலை முழு வேகத்தில் நிமிடத்துக்கு 95 வண்டியை அனுப்புகிறது. ஆனால் பின்னாலிருந்து 90 வந்துகொண்டே இருக்கிறதே! நிமிடத்துக்கு வெறும் ஐந்து வண்டிதான் கணக்கில் குறைகிறது. எட்டு மணிக்கு மேல் வரத்து 80 அளவுக்குக் குறைந்ததால்தான், ஒருவழியாக எட்டரை வாக்கில் தேக்கம் தீர்ந்தது. இருபத்து நான்கு நிமிட வேடிக்கைக்கு விலை, ஒன்றே முக்கால் மணி நேர நெரிசல். எட்டு மணிக்கு அதில் மாட்டியவர் "எதுக்குய்யா ஜாம்?" என்று கேட்டிருப்பார். பதில் சொல்ல அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சரி, இரண்டு செகண்டுக்கு வருகிறேன். நம் ஆட்கள் இதை வேகக் கணக்காகவே பார்க்கிறார்கள்: "நான் லேசாத்தான் ஸ்லோ பண்ணேன்." ஒரு சாலை எத்தனை வண்டியைக் கடத்தும் என்பது, முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடையில் எத்தனை செகண்டு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நெரிசல் நேரத்தில் ஒரு லேனில் இரண்டு செகண்டுக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 1800 வண்டி. நீங்கள் தலையைத் திருப்பிய நேரத்தில் முன்வண்டி நகர்ந்துவிடுகிறது, நீங்கள் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்து, அடடா என்று ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்குள் இடைவெளி மூன்று செகண்டாகிவிடுகிறது. ஒரே ஒரு செகண்டுதான் கூடியிருக்கிறது. ஆனால் எல்லோரும் அதையே செய்தால் 1800 என்பது 1200 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு சாலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனதற்குச் சமம். (நம் ஊரில் லேன் என்பது பெயின்ட் மட்டும்தான், பைக்குகள் இண்டு இடுக்கில் எல்லாம் நுழையும் என்பது எனக்கும் தெரியும். எண் கொஞ்சம் மாறும், கதை மாறாது.)

இன்னும் புரியவில்லை என்றால் ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையை வாங்கிக்கொண்டபின் ஒவ்வொருவரும் கவுன்டரில் நின்று ஒரு நிமிடம் ஊர்க்கதை பேசுகிறார்கள். பேசுகிறவருக்கு ஒரு நிமிடம்தான். முப்பதாவதாக நிற்கும் பாட்டிக்கு அரை மணி நேரம். சாலையிலும் அதேதான்: நீங்கள் எடுத்துக்கொண்ட செகண்டை நீங்கள் கட்டுவதில்லை, பின்னால் நிற்கிறவர் கட்டுகிறார். அவர் முறை வரும்போது அவரும் ஒன்று எடுத்துக்கொள்கிறார். அதனால்தான் யாருக்குமே தான் தப்பு செய்ததாகத் தோன்றுவதில்லை.

வண்டி ஓட்டம் எவ்வளவு மெல்லிய சமாச்சாரம் என்பதற்கு ஜப்பானில் ஒரு சோதனை உண்டு. 2008இல் வெளியானது. 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டத்தில் 22 கார்களை விட்டு, ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். விபத்து இல்லை, சிக்னல் இல்லை, வேடிக்கையும் இல்லை. கொஞ்ச நேரத்திலேயே தானாக ஒரு ஜாம் முளைத்து, வண்டிகள் போகும் திசைக்கு எதிராக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் நகர்ந்தது. நேராகப் பார்த்து ஓட்டுகிறவர்கள் கதியே இது. பக்கவாட்டில் பார்த்து ஓட்டுகிறவர்களை என்ன சொல்ல?

ஏன் பார்க்கிறோம்? "மனுஷனுக்கு மனசாட்சியே இல்லை, அடுத்தவன் வேதனையில் ரசனை" என்று திட்டுகிறவர்களோடும் நான் ஒத்துப்போக மாட்டேன். ஆபத்து இருக்கும் திசைக்குக் கண் தானாகப் போகும். அது உடம்பின் ஏற்பாடு. அதற்கும் மேல், இந்த ஊரில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் அந்த நேரத்தில் பைக்கில் வெளியே இருக்கிறார்கள். கீழே கிடப்பது என்ன வண்டி, என்ன கலர், நம் பையன் போட்டிருக்கும் ஹெல்மெட்டா என்றுதான் முதலில் தேடுகிறோம். நானும் தேடியிருக்கிறேன். கூட்டம் மறைத்துக்கொண்டிருந்தால் பாதிதான் தெரியும். பாதி தெரிந்தால் மீதியைப் பார்க்காமல் மனசு அடங்காது.

வீடியோவில் நான் கவனித்த இன்னொன்று உண்டு. முதல் சில நிமிடங்களில் வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜாமில் ஊர்ந்து வந்தவர்கள்தான் அதிக நேரம் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் நின்றாகிவிட்டது, எதற்காக நின்றோம் என்று தெரிந்துகொள்ளாமல் போவதா என்கிற எண்ணம். டிக்கெட் வாங்கியாகிவிட்டது, படம் பார்க்காமல் எப்படி? இப்படித்தான் ஜாம் தனக்குத் தானே தீனி போட்டுக்கொள்கிறது.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் அதே வீடியோவில், வரிசையின் கடைசியில், மேல்மூலையில் ஒரு சிவப்பும் நீலமுமான வெளிச்சம் தெரியும். ஆம்புலன்ஸ். இந்த விபத்துக்காக வந்ததல்ல; வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு தாம்பரம் பக்கம் போகிற வண்டி. ஐந்து நிமிடத்துக்கும் மேலாக அந்த வெளிச்சம் அதே மூலையில் சுழன்றுகொண்டிருக்கிறது. வழி விட யாருக்கும் மனசில்லாமல் இல்லை, ஒதுங்க இடமே இல்லை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத்திருத்தத்தில் இருக்கிறது. அந்த 672 பேரில் யாருக்கு ரசீது போடுவது?

ஆகவே, தயவுசெய்து. எதிர்ப்பக்கத்தில் கூட்டம் தெரிந்த உடனே முன்வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க ஆரம்பியுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை, "பார்க்காதே" என்று கண்ணுக்குச் சொன்னால் கேட்காது, வேறு வேலை கொடுத்தால் கேட்கும். முன்வண்டி நகர்ந்ததும் நகருங்கள். பைக்கை ஓரம் கட்டிவிட்டு மீடியன் ஏறிக் குதித்து வேடிக்கை பார்க்கப் போகும் வீரர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு கட்டுரை வைத்திருக்கிறேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை.

விபத்து உங்கள் பக்கத்தில் என்றால் கதையே வேறு. அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும். ரோட்டில் ஆட்கள் நடமாடுவார்கள், ஆயில் கொட்டியிருக்கும். உதவிக்கு யாருமே இல்லை என்றால் அந்த இடத்தைத் தாண்டி இடது ஓரமாக நிறுத்தி, ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். போலீஸ், கோர்ட் என்று பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது, பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றும் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஏற்கெனவே பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் தேவையில்லை. போய்விடுங்கள்.

போக்குவரத்துக் காவலர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ரோந்து வண்டியை மீடியன் ஓரமாக, எதிர்ப்பக்கத்தின் பார்வையை மறைக்கும்படி நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். இங்கிலாந்தில் இதற்கென்றே மடக்குத் திரைகள் வைத்திருக்கிறார்கள். நமக்குத் திரை வரும்போது வரட்டும். நெடுஞ்சாலை மீடியனில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த அரளி, எதிர்வண்டி வெளிச்சத்தைத் தடுப்பதோடு வேடிக்கையையும் தடுக்கிறது. அதை இடுப்பளவுக்கு மொட்டையடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நம் ஓட்டுநர் அண்ணன் கதை பாக்கி இருக்கிறது. போரூரிலிருந்து அம்பத்தூர் வரை இவ்வளவையும் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சூரப்பட்டு சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், எதிர்ப்பக்கத்தில் மறுபடியும் ஒரு கூட்டம். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, முன்னால் போன லாரியின் நம்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் அந்த இடத்தைத் தாண்டினார். தாண்டியதும் கேட்டார்:

"மேடம், என்ன ஆச்சு அங்க? நீங்களாவது பார்த்தீங்களா?"

பார்த்திருந்தேன். டயர் வெடித்த ஒரு மினி லாரி. ரோடு பூரா தக்காளி.