கொப்பியில் இருக்கிற காசு யாருடைய கடன்?

மத்திய வங்கியின் டிஜிட்டல் காசு என்று யாராவது ஒரு செயலியைக் காட்டி, அதில் காசு போடச் சொன்னால் போடாதீர்கள். இதை எழுதும் வரை இலங்கை மத்திய வங்கி அப்படி ஒன்றைப் பொதுமக்களுக்கு விடவில்லை. இந்தியா 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாயைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. பஹாமாஸ் 2020லேயே தொடங்கிவிட்டது. ஈசி கேஷ் போன்ற கைபேசிக் காசும் இது அல்ல.

வங்கியில் போட்ட காசுக்கும் டிஜிட்டல் காசுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். உங்கள் வங்கிக் கொப்பியில் இருக்கும் மீதி, அந்த வங்கியோ நிதிக் கம்பனியோ உங்களுக்குத் தரவேண்டிய கடன். டிஜிட்டல் காசு, கையில் இருக்கும் நோட்டுப் போல, மத்திய வங்கியே தரவேண்டிய கடன். கம்பனி ஒழுங்காக நடக்கும்வரை இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிவதில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். நெல் விற்றதும் மகன் அனுப்பியதுமாக ஒருவரிடம் 18 லட்சம். ஒரே நிதிக் கம்பனியில், கிளிநொச்சிக் கிளையில் 12 லட்சம் நிலையான வைப்பு, வவுனியாக் கிளையில் 6 லட்சம் சேமிப்பு. கம்பனியின் அனுமதிப்பத்திரம் ரத்தாகிறது. வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு, ஒரு நிறுவனத்துக்கு 11 லட்சம்தான். கிளை இரண்டானாலும் கொப்பி இரண்டானாலும் நிறுவனம் ஒன்றுதான். கிளைகளுக்குப் பிரித்துப் போட்டால் பாதுகாப்பு என்று கவுண்டரில் சொல்வதை நம்பி ஏமாறுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். மீதி 7 லட்சம், கம்பனியின் சொத்துகளை விற்றுப் பங்கிடும் வரிசைக்குப் போகும். அது எத்தனை வருடம் இழுக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். அந்த 11 லட்சத்தை வாங்கப் போகும்போதும், அடையாள அட்டையில் ஒரு முதலெழுத்து, வைப்புச் சான்றிதழில் வேறொன்று என்றால் திருப்பி அனுப்பக்கூடும். பெயரை இப்போதே சரிபார்த்துத் திருத்திவையுங்கள்.

கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட காசுக்கு இந்தக் காப்புறுதியே இல்லை. அனுமதி பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் மட்டும்தான்.

அதே 18 லட்சம் டிஜிட்டல் காசாக இருந்திருந்தால், எந்தக் கம்பனி மூடினாலும் 18 லட்சமாகவே இருந்திருக்கும். ஆனால் அவ்வளவு வைக்க விடுவார்களா என்பது வேறு கதை. பஹாமாஸில் அடையாள ஆவணம் இல்லாத அடிப்படைக் கணக்கில் 500 டொலருக்கு மேல் வைக்க முடியாது. இந்தியாவின் டிஜிட்டல் ரூபாய்க்கு வட்டி கிடையாது. வட்டியை நம்பி வாழ்கிறவருக்கு அது உதவாது. நீங்களே ஏமாந்து ஒருவனுக்கு அனுப்பிவிட்டால் நோட்டைக் கொடுத்தது மாதிரித்தான், திரும்பாது.

ஆகவே 18 லட்சத்தை ஒன்பது ஒன்பதாக இரண்டு வேறு நிறுவனங்களில் வையுங்கள். ஒரு வருட வட்டி சேர்ந்தாலும் எல்லைக்குள் நிற்கும். போடுவதற்கு முன், மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று 1935க்கு அழைத்துக் கேளுங்கள். அழைப்பு எடுபடாவிட்டால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது.