மெதோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறீர்களா? பழைய ரிப்போர்ட்டையும் கொண்டு வாருங்கள்

"எல்லாம் நார்மல்தான் டாக்டர், லேப்லயே சொல்லிட்டாங்க" என்றபடி அந்த அம்மா ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். வயது 64. முடக்குவாதத்துக்காக ஐந்து வருடமாக வாரம் 15 மில்லிகிராம் மெதோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வழக்கமான நாள் அது. (அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

லேப்காரர் சொன்னதில் தவறில்லை. வெள்ளை அணுக்கள் 4,300. அச்சடித்திருந்த கீழ் எல்லை 4,000. தட்டணுக்கள் 1.6 லட்சம், கீழ் எல்லை 1.5 லட்சம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.1, மேல் எல்லை 1.2. எந்த எண்ணும் தடித்த எழுத்தில் இல்லை.

நான் அவருடைய ஃபைலைத் திருப்பி முந்தைய இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் வைத்தேன். வெள்ளை அணுக்கள் ஆறு மாதத்துக்கு முன் 8,400, மூன்று மாதத்துக்கு முன் 6,300, இப்போது 4,300. தட்டணுக்கள் 2.9 லட்சத்திலிருந்து 2.3 லட்சம், அப்புறம் 1.6 லட்சம். சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி 89, 94, 99 என்று ஏறியிருந்தது. கிரியேட்டினின் 0.7, 0.8, 1.1. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே நல்ல ரிப்போர்ட்டுகள். வரிசையாக வைத்தால், எலும்பு மஜ்ஜை தடுமாறத் தொடங்கிவிட்டது தெரிகிறது.

இந்த எண்கள் ஏன் ஒன்றாக நகர்கின்றன? மெதோட்ரெக்ஸேட் நம் செல்கள் போலிக் அமிலத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கிற மருந்து. புதுச் செல்கள் வேகமாக உருவாகும் இடங்களில்தான் அந்தத் தட்டுப்பாடு முதலில் உறைக்கும்: எலும்பு மஜ்ஜை, வாயின் உள்தோல், குடல். மஜ்ஜையில் சிவப்பணுக்கள் சரியாகப் பிரிய முடியாமல் பெருத்து வெளியே வருவதால் எம்சிவி கூடுகிறது. ஆகவே எம்சிவி கொஞ்சம் கூடியிருப்பது மட்டும் ஆபத்தில்லை. இந்த மருந்து எடுக்கும் பலருக்கு அது இருக்கும். ஆனால் எம்சிவி ஏறும்போதே மற்ற அணுக்கள் இறங்கினால் நான் அதை அப்படியே விடமாட்டேன்.

கிரியேட்டினின்தான் பலர் கவனிக்காத வரி. மெதோட்ரெக்ஸேட் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் மெதுவானால், அதே 15 மில்லிகிராம் உடம்பில் அதிக நேரம் தங்கிப் பெரிய டோஸ்போல வேலை செய்யும். 0.7 என்பது 1.1 ஆவது ஐம்பது சதவீதத்துக்கு மேல் உயர்வு. முப்பது சதவீதம் கூடினாலே காரணம் தேட வேண்டும்.

முதலில் நான் கேட்டது, "மாத்திரையை எந்தக் கிழமை சாப்பிடுறீங்கம்மா?" அணுக்கள் குறையும்போது யாராக இருந்தாலும் இதைத்தான் முதலில் கேட்பேன். வாரத்துக்கு ஒரு நாள் எடுக்க வேண்டியதைத் தினமும் எடுத்துவிடும் தவறு நடக்கிறது, உயிரையும் எடுக்கிறது. இவர் ஞாயிறு மட்டும்தான் எடுத்திருக்கிறார். அட்டையில் மீதியிருந்ததை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. செவ்வாய்தோறும் போலிக் ஆசிட் 5 மில்லிகிராமும் தவறவில்லை.

அடுத்த கேள்வியில் விடை கிடைத்தது. முழங்கால் வலிக்காக இரண்டு மாதமாக மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கித் தினம் இரண்டு போட்டிருக்கிறார். நடுவில் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு, சாப்பாடும் தண்ணீரும் குறைவு. வயதானவரின் சிறுநீரகத்துக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் போதும். வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கின் ஓரத்தில் இரண்டு சிறு புண்கள். "பத்து நாளா காரக்குழம்பு எரியுது, சூடுன்னு நினைச்சேன்" என்றார்.

மெதோட்ரெக்ஸேட்டையும் வலி மாத்திரையையும் அன்றே நிறுத்தினோம். போலிக் ஆசிட்டைத் தினமும் எடுக்கச் சொன்னேன். காய்ச்சல் வந்தால் இரவானாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி மகளிடமும் பேசினேன். மூன்றாம் நாள் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் இன்னும் இறங்கி 3,600. செல்களுக்குள் தங்கியிருக்கும் மருந்து நிறுத்திய பிறகும் சில நாள் வேலை செய்யும் என்பதால் இது எதிர்பார்த்ததுதான். அதற்கும் கீழே போயிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, முறிமருந்தாக போலினிக் ஆசிட் கொடுத்திருப்போம். தேவைப்படவில்லை. மூன்று வாரத்தில் 6,100 ஆனது, கிரியேட்டினின் 0.8க்குத் திரும்பியது, புண்ணும் ஆறியது. அதன் பிறகு 7.5 மில்லிகிராமில் மறுபடி தொடங்கி, புதிதாகத் தொடங்குபவருக்குப் போலவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தோம்.

அவர் மூன்று மாத இடைவெளியில் இருந்தவர். மருந்து தொடங்கும்போதும் டோஸ் கூட்டும்போதும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்போம், நிலைத்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இந்த இடைவெளி மெதுவான சரிவைத்தான் பிடிக்கும். நடுவில் சட்டென்று விழுந்தால் பிடிக்காது. வாய்ப்புண், காய்ச்சல், தோலில் காரணமில்லாத ரத்தக்கட்டு வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது. வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் அப்படித்தான். மருந்தால் நுரையீரல் பாதிப்பதை இந்த ரத்தப் பரிசோதனைகள் காட்டவே காட்டாது. சிறுநீர்த் தொற்றுக்கு வேறு டாக்டரிடம் போனால் மெதோட்ரெக்ஸேட் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இதோடு சேர்ந்தால் சில நாட்களிலேயே அணுக்களைச் சரித்துவிடும்.

கல்லீரல் விஷயத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, தேவையில்லாத பயத்தோடு வருகிறார்கள். சமீபத்தில் 41 வயதுக்காரர் ஒருவர் எஸ்ஜிபிடி 96 என்ற ரிப்போர்ட்டோடு வந்தார். மேல் எல்லை 40. இணையத்தில் படித்துவிட்டு மருந்தை நிறுத்தியே விட்டிருந்தார். ஞாயிறு இரவு மாத்திரை, திங்கள் காலை ரத்தம். மாத்திரை போட்ட ஓரிரு நாளில் இந்த நொதி தற்காலிகமாக உயர்வது உண்டு. மருந்தைத் தொடரச் சொல்லி, அடுத்த ஞாயிறு மாத்திரை போட்ட பின் வந்த சனிக்கிழமை மறுபடி எடுத்தோம்: 44. ஞாயிறு மாத்திரை என்றால் வெள்ளி அல்லது சனி ரத்தம் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கிழமை, முடிந்தால் அதே லேப்.

சரியான நாளில் எடுத்தும் உயர்ந்திருந்தால், மேல் எல்லையின் இரண்டு மடங்குக்குள் சில வாரத்தில் மறுபடி பார்ப்போம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே டோஸைக் குறைப்போம். மூன்று மடங்கைத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவோம். மது, கொழுப்புக் கல்லீரல், காசநோய் மாத்திரை, சொல்லாமல் சாப்பிடும் லேகியம் என எதுவாகவும் இருக்கலாம். எஸ்ஜிபிடி மட்டும் கல்லீரலின் முழுக் கதையைச் சொல்லாது. அது நார்மலாக இருக்கும்போதே, கல்லீரல் தயாரிக்கும் புரதமான ஆல்புமின் ஒவ்வொரு முறையும் இறங்கினால் அதையும் விசாரிக்க வேண்டும். ஆனால் மூட்டு அழற்சி அதிகமானாலும் ஆல்புமின் குறையும் என்பதால், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ன என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவேன்.

அந்த அம்மாவின் மகள் இப்போது ஒரு நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். தேதி, டோஸ், வெள்ளை அணு, தட்டணு, எம்சிவி, கிரியேட்டினின், எஸ்ஜிபிடி, ஆல்புமின். கடைசிக் கட்டத்தில், அந்த மூன்று மாதத்தில் வெளியே வாங்கிப் போட்ட மாத்திரைகள். போன முறை அந்தக் கட்டத்தில் பாராசிட்டமால் நான்கு என்று மட்டும் எழுதியிருந்தது.